பேராசைன்னு சொல்றதை நிறுத்துங்க: பி.எம். கிசான் பேருல வர்ற ஏபிகே என்ன செய்யுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க



"பேராசை பெருநஷ்டம்." "ஓசின்னா எதை வேணாலும் தொடுவாங்க." "படிச்சவன் ஏமாற மாட்டான்." அரசு உதவித்தொகைன்னு வந்த மெசேஜை நம்பி ஒரு விவசாயி பணத்தை இழந்தார்னு செய்தி வந்தா, அதுக்குக் கீழே விழுற கமென்ட் எல்லாம் இந்த ரகம்தான். எழுதுறவங்கள்ல நம்ம ஆளுங்களும் நிறைய இருக்காங்க. புரொஃபைல் படத்துல கொடி, கமென்ட்ல நக்கல். அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது, பொறுமையா படிங்க.

முதல்ல அந்தப் பேராசைக் கணக்கைப் பார்த்துடுவோம். பி.எம். கிசான் திட்டத்துல ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6000 ரூபாய். நாலு மாசத்துக்கு ஒரு தடவை 2000 ரூபாய்னு மூணு தவணையா வருது. 2019 பிப்ரவரியில ஆரம்பிச்ச திட்டம். 21-வது தவணையை 2025 நவம்பர் 19 அன்னைக்கு கோயம்புத்தூர்ல வச்சுத்தான் பிரதமர் விடுவிச்சார். இது லாட்டரி இல்லை. நிலத்துக்கு ஆவணம் காட்டி, ஆதார் கொடுத்து, வருஷக்கணக்கா வாங்கிட்டு இருக்குற காசு. அதுல ஒரு தவணை வரலைன்னா ஏன் வரலைன்னு தேடுறது பேராசையா? உங்க கம்பெனியில ஒரு மாசம் சம்பளம் ஏறலைன்னா எச்.ஆருக்கு எத்தனை மெயில் போடுவீங்க?

தவணை நிக்கறதுக்கு நிஜமாவே காரணங்கள் இருக்கு. இ-கேஒய்சி முடிக்கலைன்னா நிக்கும். வங்கிக் கணக்கோட ஆதார் இணையலைன்னா நிக்கும். நில விவரம் சரிபார்க்கப்படலைன்னா நிக்கும். 2025-ல விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வாங்கச் சொல்லி ஊர் ஊரா முகாம் போட்டாங்க. கடைசித் தேதி சொன்னாங்க, அப்புறம் தள்ளி வச்சாங்க. இதெல்லாம் உண்மையான அறிவிப்புங்க. இப்போ திருடன் அனுப்புறதைப் பாருங்க: "உங்கள் பி.எம். கிசான் தவணை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இன்றே கேஒய்சி புதுப்பிக்கவும்." அரசாங்கம் சொல்றதுக்கும் இதுக்கும் வார்த்தையில என்ன வித்தியாசம்? ஒண்ணுமே கிடையாது. "உடனே செய், இல்லைன்னா காசு நின்னுடும்"னு அரசாங்கம் எந்த மொழியில பேசிப் பழக்கியிருக்கோ, அதே மொழியிலதான் திருடனும் பேசுறான். அந்த மெசேஜை நம்பறவர் முட்டாள் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டுப் பழகினவர்.

இன்னொண்ணையும் மறக்க வேண்டாம். இதே திட்டத்துல 2020-ல தமிழ்நாட்டுல ஒரு பெரிய மோசடி வெளியே வந்துச்சு. விவசாயமே செய்யாதவங்க பேரையெல்லாம் சேர்த்து சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்துச்சு. சிபிசிஐடி விசாரிச்சாங்க. சேலம் மாவட்டமும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. வேளாண்மைத் துறை அதிகாரிகளோட பாஸ்வேர்டு தப்பான கைக்குப் போனதுதான் அதுக்கு வழி விட்டுச்சு. அப்போ ஊருக்குள்ள என்ன நடந்துச்சு? "ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக் ஜெராக்ஸும் குடுங்க, காசு ஏறும்"னு ஒருத்தர் வந்தார். குடுத்தாங்க, காசு ஏறுச்சு. பிறகு அந்தக் காசைத் திரும்பக் கட்டச் சொன்னாங்க. பாஸ்வேர்டைக் காப்பாத்தத் தெரியாதது ஆபீஸ், பேராசைக்காரன்னு பேரு வாங்கினது கிராமம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

"ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க." பேங்க்ல எழுதி ஒட்டியிருக்காங்க, காலர் ட்யூன்ல சொன்னாங்க, நாமளும் கார்டு போட்டிருக்கோம். நல்ல அறிவுரைதான். ஆனா இப்போ நடக்குற திருட்டுக்கு இது பத்தாது. ஏன்னா இதுல ஓடிபியை யாரும் யாருக்கும் சொல்றதே இல்லை. போனுக்குள்ள உட்கார்ந்திருக்குற ஆப்பே அதைப் படிச்சு அனுப்பிடுது. 2024-லயே தமிழ்நாடு காவல்துறையோட சைபர் கிரைம் பிரிவு இதைப் பத்தி எச்சரிக்கை விட்டாங்க. பி.எம். கிசான் பேருல ஒரு போலி ஆப் வாட்ஸ்அப்ல சுத்துது, அதைப் போட்டவங்க கணக்குல இருந்து யுபிஐ வழியா பணம் போகுதுன்னு சொன்னாங்க. அந்த எச்சரிக்கை எத்தனை குரூப்புல வந்துச்சு, அந்த ஆப் எத்தனை குரூப்புல வந்துச்சுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இது எப்படி நடக்குதுன்னு புரிய ஒரு உதாரணம் வச்சுக்குவோம். ராசிபுரம் பக்கம் ஒரு பெரியவர். ரெண்டு ஏக்கர்ல குச்சிக்கிழங்கு போட்டிருக்கார். சேகோ ஃபேக்டரியில பாயிண்ட் பார்த்து எடை போட்டு, 62,000 ரூபாய் கணக்குல ஏறியிருக்கு. கிசான் தவணை ஒண்ணு வரலை. ஊர்ப் பால் சொசைட்டி குரூப்புல காலையில ஒரு ஃபைல் வருது. PM KISAN YOJANA.apk. அனுப்பினது யாரோ இல்லை, தினமும் பார்க்குற ஆளு நம்பர்தான். கூடவே, "நான் போட்டேன், எனக்கு வந்துடுச்சு"ன்னு ஒரு வரி.

தொட்டதும் போன் தடுக்குது. பிளே ஸ்டோர்ல இருந்து வராத ஆப்பை ஆண்ட்ராய்டு சும்மா உள்ளே விடாது. Install unknown apps-னு ஒரு திரை காட்டி, Allow from this source-னு ஒரு பட்டனை நாமளே தள்ளினாத்தான் விடும். இதுதான் முதல் கேட். "இப்படி ஒரு திரை வரும், பயப்படாம அலோ குடுங்க"ன்னு மெசேஜ்லயே வழி சொல்லியிருப்பான். சில ஆப்ல, உள்ளே ஒளிச்சு வச்ச ரெண்டாவது ஆப்பை ஏத்தும்போது நெட்டை ஆஃப் பண்ணச் சொல்றான். 2025-ல மெக்காஃபி நிறுவனம் பிரிச்சுப் பார்த்த ஒரு போலி ஆப்ல இதே வேலை இருந்துச்சு. அது கிசான் இல்லை, வீட்டுக்கூரை சோலார் மானியமான பி.எம். சூர்ய கர் பேருல வந்தது. யூடியூப் வீடியோவுல ஆரம்பிச்சு, பிளே ஸ்டோர் மாதிரியே ஒரு பட்டன் வச்ச பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போய், ஏபிகேவை இறக்க வச்சிருக்காங்க. நெட் இல்லாம இருந்தா பாதுகாப்புச் சோதனை சரியா நடக்காது, அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. திட்டத்தோட பேரு மாறும், வேலை இதேதான்.

ரெண்டாவது கேட், ஆப் திறந்ததும் கேக்குற அனுமதி. எஸ்எம்எஸ் படிக்கவும் அனுப்பவும் விடலாமான்னு கேக்கும். தேசியச் சின்னம் இருக்கு, பிரதமர் படம் இருக்கு, வயல் படம் இருக்கு. பெரியவர் அலோ குடுக்கிறார். இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. தவணைப் பணம் குடுக்குற ஒரு ஆப்புக்கு உங்க போன்ல இருந்து எஸ்எம்எஸ் அனுப்புற அதிகாரம் எதுக்கு? இதுக்குப் பதில் தெரிஞ்சா மொத்தத் திருட்டும் புரிஞ்சுடும்.

ஒரு புது போன்ல யுபிஐ ஆப் போடுறப்போ என்ன நடக்கும்? உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா வங்கிப் பக்கம் போகும். அந்த எஸ்எம்எஸ் எந்த நம்பர்ல இருந்து வந்துச்சோ, அந்த நம்பரோட கணக்கு அந்தப் போனோட கட்டப்படும். "சிம் யார்கிட்ட இருக்கோ அவர்தான் சொந்தக்காரர்"ங்கற நம்பிக்கையிலதான் மொத்த யுபிஐயும் நிக்குது. இப்போ திருடன் எங்கேயோ உட்கார்ந்து அவன் போன்ல யுபிஐ ஆப்பைத் திறக்கிறான். போக வேண்டிய எஸ்எம்எஸ்ஸை பெரியவர் போன்ல இருக்குற கிசான் ஆப்புக்கு அனுப்புறான். அது பெரியவர் சிம்ல இருந்து போகுது. வங்கி என்ன நினைக்கும்? பெரியவர் புது போன் வாங்கிட்டார்னு நினைக்கும். ஓடிபி வந்தாலும் அதை அந்த ஆப்பே படிச்சு அவனுக்கு அனுப்பிடும்.

பாக்கி இருக்குறது யுபிஐ பின் மட்டும்தான். அதுக்குத்தான் மூணாவது கேட், ஒரு ரூபாய். பேரு, ஆதார், பான், பிறந்த தேதி எல்லாம் நிரப்பின பிறகு, "சரிபார்ப்புக் கட்டணம் ரூ.1 செலுத்தவும்"னு வரும். மெக்காஃபி பார்த்த ஆப்லயும் இதே ஒரு ரூபாய்தான். அவனுக்கு அந்த ஒரு ரூபாய் வேண்டாம். எந்த பேங்க்னு தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதே திரையில பின் போடச் சொல்றதுதான் அவனுக்கு வேணும். அது நிஜமான யுபிஐ திரை இல்லை, சும்மா ஒரு வெப் பக்கம். போட்ட பின் நேரா அவன்கிட்ட போகுது. ஒரு கணக்குக்கு ஒரே பின்தான். எந்தக் கம்பெனி யுபிஐ ஆப்ல போட்டாலும் அதே பின் செல்லும். யுபிஐ இல்லாதவங்ககிட்ட டெபிட் கார்டோட கடைசி ஆறு இலக்கமும் முடியற தேதியும் கேப்பான். புதுசா பின் போட அதுவும் ஓடிபியும் போதும்.

கடைசியா, "விண்ணப்பம் ஏற்கப்பட்டது, 24 மணி நேரத்தில் 2000 ரூபாய் வரும்"னு காட்டும். அந்த 24 மணி நேரம் சும்மா சொல்றது இல்லைங்க. புதுசா யுபிஐ கட்டின போன்ல இருந்து முதல் 24 மணி நேரத்துக்கு பெரும்பாலான வங்கிகள்ல 5000 ரூபாய்தான் அனுப்ப முடியும். அதனால முதல் நாள் சின்னத் தொகை போகும், இல்லைன்னா எதுவுமே போகாது. பெரியவர் "நாளைக்கு வரும்"னு மோட்டார் போடப் போயிடுவார். மறுநாள்தான் மீதியைத் தொடைச்சு எடுப்பான். டெபிட் ஆன எஸ்எம்எஸ்ஸும் அந்த ஆப் கையில சிக்கறதால அவர் கண்ணுல படாமலே போகலாம். பாஸ்புக்ல என்ட்ரி போடப் போறப்பதான் தெரியும்.

இதுல பேராசை எந்தப் படியில இருக்கு, சொல்லுங்க.

இப்போ நமக்கு வலிக்கிற இடத்துக்கு வர்றேன். அந்த ஃபைலை அனுப்பினது பால் சொசைட்டி ஆளா? இல்லை. அவர் போன்ல முந்தின நாளே இதே ஆப் ஏறியிருக்கும். வாட்ஸ்அப் பதிவு செய்ய வர்ற ஆறு இலக்க எண்ணும் எஸ்எம்எஸ்லதான் வருது. அதையும் ஆப் படிச்சு அனுப்பிடும். அவர் வாட்ஸ்அப் திருடன் போன்ல திறந்துக்கும். பிறகு அவர் இருக்குற எல்லா குரூப்புக்கும் அவர் பேருலயே ஃபைல் போகும். சில சமயம் குரூப் பேரையும் படத்தையும் கூட மாத்திடுவான். தெரியாத நம்பர்ல இருந்து வந்தா உஷாரா இருங்கன்னு சொல்ற அறிவுரையும் இங்கேதான் தோத்துப் போகுது. தெரிஞ்ச நம்பர்லதானே வருது.

நம்ம பக்கத்து ஊர்கள்ல எந்த குரூப்புல அதிகமா ஆளுங்க இருக்காங்க? கோயில் குரூப், பால் குரூப், கோழிப்பண்ணை குரூப், லாரி டிரைவர் குரூப், அப்புறம் கட்சி கிளைக் குரூப். அதுலயும் கட்சி குரூப்புல மட்டும்தான் தினமும் அரசுத் திட்டத்தைப் பத்திப் பேச்சு ஓடும். "மகளிருக்கு இது வருது, விவசாயிக்கு அது வருது, விண்ணப்பிக்க லிங்க் கீழே." தலைவர் படம் போட்ட கார்டு, கீழே ஒரு குட்டி லிங்க். அதுல பாதி எங்கிருந்து வந்துச்சுன்னு போடுறவருக்கே தெரியாது. "வந்ததை அப்படியே போட்டேன்"னு சொல்றதும் ஒரு பதிலா? ஒரு தலைவர் படத்தை ஒட்ட திருடனுக்கு அஞ்சு நிமிஷம் கூட வேண்டாம். எந்தக் கட்சித் தலைவர் படமா இருந்தாலும் சரி. நாம நல்ல எண்ணத்துல லிங்க் கார்டு போட்டுப் போட்டு, "திட்டம்னா லிங்க்கைத் தொடணும்"னு ஜனங்களைப் பழக்கி வச்சிருக்கோம். அந்தப் பழக்கத்தைத்தான் அவன் அறுவடை பண்றான். "அனைவருக்கும் பணம், உடனே அப்ளை பண்ணுங்க"ன்னு தம்ப்நெயில் போடுற யூடியூப் சேனல்காரங்களைப் பத்தி தனியா ஒரு பதிவே எழுதலாம்.

அப்போ உண்மையான திட்டத்துல என்ன நடக்குது? கிசான் பணம் ஆதாரோட இணைஞ்ச கணக்குக்குப் போகுது. ஏற்கெனவே வாங்கிட்டு இருக்குறவர்கிட்ட, பணம் போடுறதுக்காக கார்டு நம்பரோ பின்னோ கேக்க வேண்டிய அவசியமே இல்லை. இ-கேஒய்சிக்கு மூணு வழி இருக்கு. pmkisan.gov.in தளத்துல ஆதார் ஓடிபி போட்டு முடிக்கலாம். பொதுச் சேவை மையத்துல கைரேகை வைக்கலாம். பிளே ஸ்டோர்ல இருக்குற அரசு ஆப்ல முகத்தைக் காட்டி முடிக்கலாம். தவணை ஏன் நின்னுச்சுன்னு அதே தளத்துல Know Your Status பகுதியில பார்க்கலாம், இல்லைன்னா 155261-க்குப் போன் போடலாம். நம்ம மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கோங்க. 2023-ல ரேஷன் கடை வழியா டோக்கனும் விண்ணப்பமும் குடுத்து, முகாம்ல வச்சுத்தான் பதிவு பண்ணினாங்க. லிங்க் அனுப்பி யாரையும் சேர்க்கலை. அந்தத் திட்டத்தோட பேரைச் சொல்லி ஓடிபி கேட்டு போன் வந்தா சொல்லாதீங்கன்னு அப்போவே சொல்ல வேண்டி வந்துச்சு.

வெப்சைட் முகவரியைப் படிக்கிறதுல ஒரு சின்ன விஷயம். அட்ரஸை வலது பக்கத்துல இருந்து படிக்கணும். முதல் சாய்வுக்கோட்டுக்கு முன்னாடி, கடைசியில .gov.in இருக்கான்னு பாருங்க. pmkisan-ம் gov-ம் நடுவுல எங்கேயோ இருந்து, கடைசியில வேற ஏதோ முடிஞ்சா அது அரசுத் தளம் இல்லை. "கலெக்டர் ஆபீஸ் எதிர்ல"ன்னு அட்ரஸ் போட்ட டீக்கடை, கலெக்டர் ஆபீஸ் ஆகிடுமா? அது மாதிரிதான். எஸ்எம்எஸ்ஸா இருந்தா, அனுப்பினவர் பேருக்குப் பின்னாடி -G இருந்தா அரசு, -P இருந்தா விளம்பரம். 2025-ல டிராய் கொண்டு வந்த ஏற்பாடு இது. எஸ்எம்எஸ்ல பதிவு செய்யாத லிங்க் போகக்கூடாதுன்னு 2024 அக்டோபர்ல இருந்தே விதி இருக்கு. ஆனா வாட்ஸ்அப்புக்கு இதுல எதுவும் கிடையாது. திருடன் ஏன் எஸ்எம்எஸ்ஸை விட்டுட்டு வாட்ஸ்அப்புக்கு வந்தான்னு இப்போ புரியுதா?

ஏற்கெனவே ஒருத்தர் ஏபிகேவைப் போட்டுட்டார்னு வச்சுக்குவோம். அவரைத் திட்டிக்கிட்டு நிக்காதீங்க, நேரம் போகுது. முதல் வேலை, சிம்மை அந்தப் போன்ல இருந்து கழட்டி ஒரு பட்டன் போன்ல போடுங்க. இதை விட நல்ல வைத்தியம் கிடையாது. பட்டன் போன்ல அந்த ஆப் இல்லை, அதனால இனி வர்ற எந்த ஓடிபியும் அவனுக்குப் போகாது. பழைய போன்ல வைஃபையையும் அணைச்சுடுங்க. பட்டன் போன்ல இருந்தே 1930-க்குக் கூப்பிடுங்க. எந்த பேங்க், எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்னன்னு கேப்பாங்க. பணம் போற வழியில இருக்குற கணக்குகளை நிறுத்தி வைக்கிறதுக்குத்தான் அந்த நம்பர். திருடன் முதல் கணக்குல இருந்து வாடகைக்கு எடுத்த நாலஞ்சு கணக்குக்குப் பிரிச்சு, கடைசியில ஏடிஎம்ல எடுத்துடுவான். எடுத்த பிறகு நிறுத்தி வைக்க அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. அதனால "நாளைக்கு ஸ்டேஷன் போயிக்கலாம்"னு இருந்துடாதீங்க. அடுத்து பேங்குக்குப் போன் போட்டு யுபிஐ, கார்டு, மொபைல் பேங்கிங் மூணையும் நிறுத்தச் சொல்லுங்க. cybercrime.gov.in-ல எழுத்துப்பூர்வமா புகார் பதியுங்க. ஃபைல் வந்த மெசேஜை அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அது சாட்சி. இதெல்லாம் முடிஞ்ச பிறகு போனை முழுசா ரீசெட் பண்ணலாம். ஐகானை மட்டும் தேடி அழிச்சா பத்தாது, சில ஆப் ஐகானையே மறைச்சுக்கும்.

அடுத்தது பேங்க் கவுன்ட்டர். இங்கேதான் எனக்குக் கோவம் அதிகம். "நீங்கதானே ஆப் போட்டீங்க, நாங்க என்ன பண்ண முடியும்?" ஒரே வரியில அனுப்பிடுவாங்க. பெரியவரும் தலையைக் குனிஞ்சுட்டு வந்துடுவார், ஏன்னா அவர் காதுல ஏற்கெனவே நாம பேராசைன்னு ஓதி வச்சிருக்கோம். ஆனா ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 தேதியில போட்ட சுற்றறிக்கை வேற சொல்லுது. தப்பு பேங்க் பக்கமும் இல்லாம வாடிக்கையாளர் பக்கமும் இல்லாம நடந்த திருட்டுன்னா, மூணு வேலை நாளுக்குள்ள சொன்னவருக்குப் பொறுப்பே கிடையாது. நாலுல இருந்து ஏழு நாளுக்குள்ள சொன்னா, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு 5000 ரூபாய் வரைக்கும்தான் பொறுப்பு. வாடிக்கையாளர் கவனக்குறைவா விவரத்தைக் குடுத்துட்டார்னே வச்சுக்குவோம். அப்பவும், அவர் பேங்குக்குச் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போற பணம் பேங்கோட பொறுப்பு. முக்கியமா, தப்பு வாடிக்கையாளர் மேலதான்னு நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான்.

இது காகிதத்துல மட்டும் இருக்குற விஷயமும் இல்லை. அசாம்ல ஒருத்தர், ஆன்லைன்ல வாங்கின துணியைத் திருப்பி அனுப்பப் போய், போன்ல பேசினவன் சொன்னபடி ஒரு ஆப்பை இறக்கினார். ஸ்டேட் பேங்க் கணக்குல இருந்து 94,204 ரூபாய் போச்சு. 24 மணி நேரத்துக்குள்ள புகார் குடுத்தார். பேங்க் குடுக்க முடியாதுன்னு நின்னுச்சு. கௌஹாத்தி உயர் நீதிமன்றம் குடுக்கச் சொன்னதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2025 ஜனவரி 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேங்கோட மனுவைத் தள்ளிடுச்சு. எல்லா வழக்கும் இப்படியே முடியும்னு நான் சொல்லலை, அது அது அந்தந்த விவரத்தைப் பொறுத்தது. ஆனா அங்கேயும் ஆப் போட்டவர் வாடிக்கையாளர்தான். அவரை ஜெயிக்க வச்சதுல உடனே குடுத்த புகாருக்குப் பெரிய பங்கு இருக்கு. அதனால வாயால சொல்லிட்டு வராதீங்க. தமிழ்லயே எழுதுங்க, தேதியும் நேரமும் போடுங்க, சீல் வச்ச நகல் வாங்குங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலும், பதில் சரியில்லைன்னாலும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்கிட்ட cms.rbi.org.in வழியா போகலாம். விவரம் கேக்க 14448. கிளைச் செயலாளர்களே, சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் கூடப் போறீங்க இல்லையா, இதுக்கும் பேங்க் வரைக்கும் கூடப் போங்க. தனியா போற பெரியவருக்குக் கிடைக்கிற பதிலும், பக்கத்துல சுற்றறிக்கையை கையில வச்சுட்டு ஒருத்தர் நிக்கறப்போ கிடைக்கிற பதிலும் ஒண்ணா இருக்காது.

அரசாங்கங்கள்கிட்ட கேக்க வேண்டியதும் இருக்கு, மத்திய மாநில ரெண்டுகிட்டயும். தவணை நின்னா, காரணத்தை லிங்க் இல்லாத எஸ்எம்எஸ்ல தமிழ்ல சொல்லுங்க. "இன்ன காரணம், இன்ன தேதிக்குள்ள ஊராட்சி அலுவலகத்துக்கோ வேளாண் விரிவாக்க மையத்துக்கோ வாங்க." அவ்வளவுதான். நேர்ல கேக்க ஒரு ஆள் இருந்தா, ஃபைலைத் தொட வேண்டிய தேவையே வராது. ஒவ்வொரு தவணைக்கு முன்னாடியும் "கடைசி வாய்ப்பு"ன்னு விரட்டுற பேச்சையும் விடுங்க. அந்த விரட்டல்தான் திருடனுக்கு விளம்பரம்.

இன்னைக்கு ராத்திரியே செய்யக்கூடியது நம்ம குரூப் அட்மின்கள் கையிலதான் இருக்கு. ஓமலூர், எடப்பாடி, வாழப்பாடி, ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் பக்கத்து அட்மின்கள் எல்லாரும் கேட்டுக்கோங்க. உங்க வாட்ஸ்அப் Settings-ல Account உள்ளே போய் Two-step verification போட்டுடுங்க. எஸ்எம்எஸ்ல வர்ற எண் திருடு போனாலும், அந்தத் தனி எண் தெரியாம உங்க வாட்ஸ்அப்பை அவன் திறக்க முடியாது. திட்டம் பத்தின கார்டு போடணும்னா போடுங்க, லிங்க் இல்லாமப் போடுங்க. எந்த ஆபீஸ், எந்த ஆவணம், எந்தத் தேதின்னு எழுதுங்க. குரூப்புல .apk-னு முடியற ஃபைல் வந்துச்சுன்னா அழுத்திப் பிடிச்சு எல்லாருக்கும் சேர்த்து அழிங்க. அட்மினுக்கு அந்த அதிகாரம் இருக்கு. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரீன்ஷாட். பிறகு, அதை அனுப்பினதா காட்டுற ஆளுக்கு சாதாரண போன்ல கூப்பிடுங்க. வாட்ஸ்அப்ல கேக்காதீங்க, அங்கே பதில் சொல்றது அவரா இருக்காது. "அண்ணா, உங்க போன்ல இருந்து ஒண்ணு வந்திருக்கு, சிம்மைக் கழட்டி பட்டன் போன்ல போடுங்க, நான் வர்றேன்"னு சொல்லிட்டு வண்டியை எடுங்க.